காய்ந்த சோப்பு முதலில், எரியும் திரி கடைசியில்

கையால் சோப்பு செய்து விற்பவர்களின் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வரும். “அக்கா, சோப்பு என்ன சைஸ் இருக்கும்?” “நுரை நல்லா வருமா?” “படத்துல பச்சையா இருக்கே, நேர்லயும் இதே பச்சைதானா?” மெழுகுவர்த்தி என்றால், “பற்ற வெச்சா எப்படி இருக்கும்?” வாங்குகிறவரால் பொருளைத் தொட்டுப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ முடியாது. அதனால் கடைப் பக்கத்துக்கு என்னென்ன படங்கள் வேண்டும் என்ற பட்டியலை இந்தக் கேள்விகளை வைத்தே எழுதிவிடலாம். ஒரு கேள்விக்கு ஒரு படம் என்று கணக்கு வைத்தால், ஒரு பொருளுக்கு ஆறேழு படங்கள் போதும்.

பட்டியலைவிட முக்கியம், அதை எந்த வரிசையில் எடுப்பது என்பது. நனைந்த சோப்பு அன்றைக்குப் பழைய நிலைக்கு வராது. ஒருமுறை பற்றவைத்த திரி மறுபடி வெள்ளையாகாது. பக்கத்தில் படங்கள் எந்த வரிசையில் வந்தாலும், எடுக்கும்போது பொருளை மாற்றாத படங்கள் முதலிலும், மாற்றிவிடும் படங்கள் கடைசியிலும் வர வேண்டும். ஒரு குப்பைமேனி சோப்பையும், மூன்று அங்குல அகலக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய ஒரு சோயா மெழுகுவர்த்தியையும் வைத்து இதைப் பார்ப்போம்.

இடம் எளிமையானது. வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் ஒரு மேசை. சுவரில் வெள்ளைச் சார்ட் பேப்பரை ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மேல் இறக்கிவிட வேண்டும். ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. அது நிழலை மெலிதாக்கும். வெயில் உள்ளே வந்தால் ஜன்னலுக்கு ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடலாம். டியூப்லைட்டை அணைத்தே ஆக வேண்டும். பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் பேப்பரின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும். அதைப் பிறகு எந்த ஆப்பிலும் சரிசெய்வது கடினம். போனின் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் சுடரைச் சுற்றிப் புகைபோல வெளிச்சம் இழுக்கும்.

போனைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோவதுதான் பெரும்பாலோர் செய்வது. அப்படி எடுத்தால் சோப்பின் முன் விளிம்பு பெரிதாகவும் பின்பக்கம் குறுகியும் தெரியும். போனின் நிழலும் அதன்மேல் விழும். பல போன்கள் மிக அருகில் போனதும் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடுவதும் உண்டு. ஒன்றரை, இரண்டு அடி பின்வாங்கி 2x வைத்து எடுத்தால் சோப்பு அதன் உண்மையான வடிவத்தில் வரும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி இங்கே வேண்டாம். கண்ணாடி விளிம்பையும் மெல்லிய திரியையும் அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

முதல் படம், வெள்ளைப் பின்னணியில் சோப்பு மட்டும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் போன்ற இடங்களில் பொருளின் முக்கியப் படத்தின் மேல் விலையோ, தள்ளுபடி வாசகமோ, கடைப் பெயரோ எழுதியிருந்தால் ஏற்க மாட்டார்கள். சட்டத்தின் முக்கால் பங்குக்கு மேல் பொருளே நிறைந்திருப்பது நல்லது. திரையில் சோப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெள்ளை நிறைந்த காட்சியைப் போன் தானாகவே சாம்பல் நிறத்துக்கு இறக்கிவிடும் என்பதால், பூட்டிய பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பேப்பரை வெள்ளையாக்க வேண்டும். கரிச் சோப்பை அடர்ந்த பலகை மேல் வைத்தால் இதற்கு நேர் எதிர்: போன் அதை வெளுக்க வைக்கும், நாம் இறக்க வேண்டும்.

படம் எடுக்கும் நாளும் முக்கியம். கோல்ட் பிராசஸ் முறையில் செய்த சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காய்கிறது. அந்த வாரங்களில் நீர் வற்றிச் சற்றுச் சுருங்கும். இலைப்பொடியின் பச்சை பழுப்பை நோக்கி நகரும். வெண்ணிலா வாசனை சேர்த்திருந்தால் சோப்பே பழுப்பாகிவிடும். அச்சிலிருந்து எடுத்த அன்றே படம் பிடித்தால் பளிச்சென்ற பச்சை கிடைக்கும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வது வேறு நிறம். ஆகவே பார்சலுக்குத் தயாரான சோப்பைத்தான் படம் எடுக்க வேண்டும். உருக்கி ஊற்றும் கிளிசரின் சோப்பில் வேறொரு தொல்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், கடலோர ஊர்களில் பிரித்து வைத்த சிறிது நேரத்திலேயே மேலே முத்து முத்தாக வியர்க்கும். அதைக் கடைசி நிமிடம் வரை உறையிலேயே வைத்திருங்கள்.

அடுத்த படம் முத்திரை. சோப்பின் மேல் அழுத்திய இலை வடிவமோ பெயரோ வெறும் சார்ட் பேப்பர் வெளிச்சத்தில் தட்டையாகத்தான் தெரியும். தெர்மோகோல் அட்டையை எடுத்துவிட்டு, ஜன்னல் திரையைப் பாதி மூடி, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக மட்டும் வரும்படி செய்யுங்கள். பள்ளத்தின் ஒரு கரை பளிச்சிடும், மறு கரை நிழலாகும். சோப்பை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தால் எழுத்து சட்டென எழுந்து வரும் கோணம் ஒன்று கிடைக்கும். கத்தி இழுத்த கோடும் வெள்ளைச் சாம்பல் பூத்த இடமும் இதே வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அதற்காக வெளிச்சத்தை மாற்ற வேண்டாம். எல்லாச் சோப்பிலும் அந்தச் சாம்பல் இருந்தால் படத்திலும் இருக்கட்டும்.

சைஸ் கேள்விக்கு உள்ளங்கையில் வைத்த ஒரு படம் போதும். நாணயத்தையோ ஸ்கேலையோ பக்கத்தில் வைப்பதைவிடக் கை உடனே புரியும். தோலின் நிறம் இயல்பாக வந்திருக்கிறதா என்று பார்த்தால் சோப்பின் நிறமும் சரிதானா என்று தெரிந்துவிடும். பிறகு லேபிளின் படம்: எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கும்படி நேராக எடுக்க வேண்டும். இதன் பிறகுதான் கத்தி. ஒரு சோப்பை நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தைக் காட்டுங்கள். வெளிப்பக்கம் பழுத்திருந்தாலும் உள்ளே பச்சை மிச்சமிருக்கும். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் நிறத்தைப் பற்றிய கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் இல்லை.

நுரைப் படம் சோப்பின் வரிசையில் கடைசி. வெள்ளைப் பேப்பர் மேல் வெள்ளை நுரை தெரியாது. சமையலறையின் கடப்பா கல் மேடைதான் இதற்குச் சரியான இடம். ஃபேனை நிறுத்திவிட்டு, இன்னொருவர் நனைந்த கையில் அரை நிமிடம் சோப்பைத் தேய்க்க, நீங்கள் ஜன்னல் வெளிச்சம் கைக்குப் பின்னிருந்து வரும்படி நின்றுகொண்டு தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். பின்னிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு பெரிய குமிழ்களாகவும், ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு வழுவழுப்பாகச் சிறு நுரையாகவும் வரும். பாத்திரம் தேய்க்கும் லிக்விடைக் கலந்து நுரையைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நுரை வாங்குகிறவர் குளியலறையில் வராது.

மெழுகுவர்த்திக்கு வருவோம். பற்றவைப்பதற்கு முன் எடுக்க வேண்டியவை: நேர் பார்வையில் தம்ளர், மேலிருந்து மெழுகின் பரப்பு, லேபிள், மூடியும் பெட்டியும், கையில் பிடித்த படம். திரியை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். சோயா மெழுகில் வெள்ளைப் பூப்போல படிவது இயல்பு. அது மேலிருந்து எடுத்த படத்தில் தெரியட்டும். கண்ணாடியில் ஜன்னல் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தால் அழகு, அதுதான் கண்ணாடி என்று காட்டுகிறது. உங்கள் சட்டையும் போனும் விழுந்தால்தான் தொந்தரவு. கறுப்புச் சார்ட் பேப்பரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுத்தால் அது போய்விடும்.

எரியும் படத்துக்கு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நண்பகலில் எடுத்தால் சுடர் கண்ணில் படாது. இருட்டிய பிறகு எடுத்தால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகும், தம்ளர் கறுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே, சூரியன் மறைந்து ஜன்னல் வெளிச்சம் சுடருக்குச் சமமாக இறங்கும் கால் மணி நேரம் இருக்கிறது. இன்னொரு பக்கம், மெழுகு விளிம்பு வரை உருகத் தம்ளரின் ஒவ்வொரு அங்குல அகலத்துக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நம் தம்ளர் மூன்று அங்குலம். ஆறு மணிக்குச் சூரியன் மறைகிற நாளில் மூன்று மணிக்குப் பற்றவைத்தால், அந்தி வெளிச்சமும் விளிம்பு வரை உருகிய மெழுகும் ஒன்றாக வந்து சேரும். எடுப்பதற்கு முன் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, திரியின் நுனியில் காளான்போல நிற்கும் கரியை வெட்டிவிட்டு, கண்ணாடியில் படிந்த புகையைத் துடைத்து மறுபடி பற்றவையுங்கள். அதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

போனை ஸ்டாண்டிலோ புத்தக அடுக்கிலோ நிறுத்துங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல நொடிகளைச் சேர்த்து எடுப்பதால் சுடர் பிசிறும். ஃபோகஸைச் சுடரில் வைக்காமல் லேபிளில் பூட்டி, பிறகு வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். சுடரின் விளிம்பு கூராகத் தெரிந்து, லேபிளும் படிக்க முடிகிற இடத்தில் நிறுத்திவிடலாம். சுடர் ஆடும் என்பதால் பத்திருபது படங்கள் எடுத்து, நேராக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் மஞ்சளாக மூழ்கினால், ப்ரோ மோடு உள்ள போனில் வெள்ளைச் சமநிலையைப் பகல் அளவிலேயே நிறுத்திவைத்துப் பாருங்கள். அப்போதும் மஞ்சள் குறையாவிட்டால் அந்தி இன்னும் இருட்டிப்போய்விட்டது என்று அர்த்தம்; மறுநாள் கால் மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும்.

எல்லாப் படங்களிலும் பொருளை நடுவில் வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். கடைப் பட்டியலுக்குச் சதுரமாகவும், இன்ஸ்டாகிராமுக்கு நான்குக்கு ஐந்து என்ற உயரவாக்கிலும் ஒரே படத்திலிருந்து வெட்டிக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமின் புரொஃபைல் பக்கம் 2025 ஜனவரி முதல் சதுரத்தை விட்டு உயரமான கட்டங்களுக்கு மாறிவிட்டதால், சதுரமாக மட்டும் எடுத்த பழைய படங்கள் அங்கே ஓரம் வெட்டுப்படுகின்றன. இன்னொரு போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் முத்திரையின் நுணுக்கம் போய்விடும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. மறுநாள் பகலில் ஜன்னல் ஓரம் நின்று, கண்பாதுகாப்பு மஞ்சளை அணைத்துவிட்டு, திரையில் படத்தையும் பக்கத்தில் அதே சோப்பையும் வைத்துப் பாருங்கள். படத்தில் பச்சை அதிகமாகத் தெரிந்தால் நிறச் செறிவைக் குறைத்துவிட்டே ஏற்றுங்கள்.

அடுத்த முறை குப்பைமேனி சோப்பு ஊற்றும்போது கை, நுரை, பெட்டிப் படங்கள் அப்படியே இருக்கலாம். இலைப்பொடி மாறினால் நிறம் மாறும் என்பதால், முதல் படத்தையும் வெட்டிய முகத்தையும் மட்டும் காய்ந்த பிறகு புதிதாக எடுங்கள். தேதி மாறிய லேபிளுக்கும் ஒரு படம் வேண்டியிருக்கும்.