ரோகிணி ஏன் சிவந்தது?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இருட்டியதும் கிழக்கே பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் ஒரு சிட்டிகை வெண்பொடியைத் தூவியதுபோல் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, செம்மஞ்சளாக ஒரு மீன் தனியே நிற்கும். அதுதான் ரோகிணி. கார்த்திகை நீலம் பாய்ந்த வெள்ளை, ரோகிணி சிவப்பு. இந்த நிறவேறுபாட்டுக்குள் விண்மீன்களின் மொத்த ஆயுள்கதையும் இருக்கிறது. அதைப் படித்தெடுக்க ஒரு வரைபடம் வேண்டும்.

வானியல் வகுப்புகளில் திரையில் தவறாமல் வந்துவிழும் படம் அது. 1911இல் டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்ப்ரங், 1913இல் அமெரிக்காவின் ரஸ்ஸல் என்று இருவர் தனித்தனியே வரைந்ததால் இருவர் பெயரும் அதற்கு உண்டு. கீழிருந்து மேலே போகப்போக விண்மீன் வெளிவிடும் மொத்த ஒளி கூடும். கிடைக்கோட்டில் இருப்பது மேற்பரப்பின் வெப்பநிலை. ஆனால் இது தலைகீழ்: இடப்பக்கம் சூடானவை, வலப்பக்கம் குளிர்ந்தவை. சூடான மீன் நீலமாகவும் குளிர்ந்தது சிவப்பாகவும் இருக்கும் என்பதால், நிறத்தைப் பார்த்தே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம்.

ஆயிரக்கணக்கான மீன்களை இதில் புள்ளி வைத்தால் பத்தில் ஒன்பது, மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்கு ஓடும் ஒரு பட்டையில் விழுகின்றன. இதன் பெயர் முதன்மை வரிசை. நம் சூரியன் சுமார் 5,800 கெல்வின் வெப்பத்தோடு இதன் நடுவாக்கில் இருக்கிறது. ரோகிணி இந்தப் பட்டையில் இல்லை. வலப்பக்கம் மேலே, செம்பெருமீன்களின் கூட்டத்தில் நிற்கிறது.

அந்த இடமே ரோகிணியின் உடலளவைச் சொல்லிவிடும். அதன் வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின், அதாவது சூரியனில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பு உமிழும் ஆற்றல், வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. மூன்றில் இரண்டை நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆக, ரோகிணியின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனுடையதில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் தருகிறது. ஆனால் மொத்தமாக அது சூரியனைப்போல் சுமார் 400 மடங்கு ஒளிவிடுகிறது. அப்படியானால் அதன் பரப்பு 2,000 மடங்கு இருந்தாக வேண்டும். ஆரம் சுமார் 45 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியை வைத்தால், புதன் கோளுக்குப் போகும் வழியில் பாதித் தொலைவை அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு பெரிதாக வீங்கியது எப்படி? இங்கேதான் படத்தைப் பார்ப்பவர்கள் வழக்கமாகத் தவறுகிறார்கள். அந்தச் சாய்ந்த பட்டையைப் பார்த்ததும், மீன்கள் மேலே சூடாகத் தொடங்கி, ஆறியபடி கீழே சறுக்கிப்போகின்றன என்று தோன்றும். ரஸ்ஸலே ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். பெருமீன்கள் சுருங்கிச் சூடாகிப் பட்டையில் ஏறுகின்றன, பிறகு அதன் வழியே ஆறி இறங்குகின்றன என்பது அவருடைய கருத்து. அது சரியல்ல. பட்டை என்பது பாதை அல்ல, வசிப்பிடம். பிறக்கும்போது எவ்வளவு பொருள் திரண்டதோ, அதற்கேற்ற இடத்தில் மீன் உட்கார்ந்துவிடுகிறது. மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கியபடி ஆயுளின் பெரும்பகுதியை அதே அக்கம்பக்கத்திலேயே கழிக்கிறது.

எந்த மீனும் மாறுவதை நாம் இருந்து பார்க்க முடியாது. பிறகு எப்படித் தெரிந்தது? திருக்கார்த்திகைக்கு ஏற்றும் அகல்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அகலில் எண்ணெய் இருமடங்கு. ஆனால் தடித்த திரி அதைப் பல மடங்கு வேகமாகக் குடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினால், பிரகாசமாக எரிந்த பெரியதுதான் முதலில் அணையும். தாமதமாக வருபவர், எது வரை அணைந்திருக்கிறது என்று பார்த்தே எப்போது ஏற்றினார்கள் என்று சொல்லிவிடலாம்.

விண்மீன்களும் இப்படித்தான். சிரியஸுக்குச் சூரியனைப்போல் இரண்டு மடங்கு எரிபொருள். செலவோ 25 மடங்கு. சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு என்றால், இந்தக் கணக்குப்படி சிரியஸுக்கு 80 கோடிதான் வருகிறது. நுணுக்கமாகப் போட்டாலும் நூறு கோடியை ஒட்டித்தான் நிற்கும்.

ஒரே நேரத்தில் ஏற்றிய அகல் வரிசை வானத்திலும் உண்டு. கார்த்திகை அப்படிப்பட்டது: ஒரே வாயு மேகத்தில் ஒன்றாகப் பிறந்த சுமார் ஆயிரம் மீன்கள். எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தையே ஒப்பிட்டுவிடலாம். நீல வடிகட்டி வழியாக ஒரு படம், மஞ்சள் பச்சை வடிகட்டி வழியாக ஒரு படம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறத்தைச் சொல்லும். இப்படிப் புள்ளி வைத்தால் கார்த்திகையின் பட்டை மேலே நீலமீன்கள் வரை நீள்கிறது. நுனி மட்டும்தான் இல்லை. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள்.

அடுத்து, ரோகிணிக்குப் பின்னால் V வடிவில் தெரியும் ஹையடீஸ் கூட்டம். இதன் பட்டையில் கார்த்திகையின் நீலமீன்களுக்குரிய இடம் காலி. அதற்கு ஈடாக வலப்பக்கம் நான்கு செம்மஞ்சள் பெருமீன்கள், கீழே சில வெண்குள்ளன்கள். வயது சுமார் 65 கோடி. கடக ராசியில் உள்ள எம்67 கூட்டத்திலோ சூரியனைவிடச் சற்றே பெரியவைகூடப் பட்டையை விட்டு விலகத் தொடங்கிவிட்டன. அதற்கு வயது சுமார் 400 கோடி. பட்டை எங்கே ஒடிந்து வலப்பக்கம் திரும்புகிறதோ, அதுதான் கூட்டத்தின் கடிகாரம்.

இந்தக் கடிகாரத்தைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. ரோகிணியே அதற்கு எடுத்துக்காட்டு. பார்வைக்கு அது ஹையடீஸோடு சேர்ந்ததுபோல் இருக்கும். உண்மையில் கூட்டம் 150 ஒளியாண்டுகளுக்கு அப்பால். ரோகிணி வெறும் 65இல், குறுக்கே நிற்கிறது. கூட்டத்தோடு சேர்த்து எண்ணினால் அதன் ஒளி ஐந்து மடங்குக்கும் மேல் கூடுதலாகக் கணக்காகிவிடும். எப்படிப் பிரித்தறிவது? கூட்டத்து மீன்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்கின்றன; ரோகிணி வேறு வழியில் போகிறது.

இப்போது அதன் சிவப்புக்கு வருவோம். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் ஹீலியக் கரு தன் எடையால் நெருங்கிச் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட மும்முரமாக எரிகிறது. அந்த ஆற்றல் வெளியடுக்குகளைத் தள்ளி ஊதிவிடுகிறது. விரிந்த பரப்பு ஆறிச் சிவக்கிறது. படத்தில் புள்ளி வலப்பக்கமாக நகர்ந்து மேலே ஏறுகிறது.

திருவாதிரைபோல் சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் பொருள் கொண்டவை கடைசியில் வெடித்துப்போகும். ரோகிணிக்கு அந்த முடிவு இல்லை. அதன் பொருளளவு சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வெளியடுக்குகளை உதறிவிட்டு, பூமியளவேயான ஒரு வெண்குள்ளனாகி, படத்தின் கீழ் இடமூலையில் ஆறிக்கொண்டிருக்கும்.

சூரியனுக்கு வயது 460 கோடி. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் அதுவும் பட்டையை விட்டுக் கிளம்பி, இதே வழியில் மேலேறும். இன்றிரவு கிழக்கே தெரியும் அந்தச் செம்மஞ்சள் புள்ளி, அப்போதைய நம் சூரியனின் சாயல்.