விளம்பரப் பணம் திரும்பி வருகிறதா?

ஒரு துணிக்கடை தீபாவளி விளம்பரத்துக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளிதழுக்கு 1.5 லட்சம், எதிர்பார்க்கும் விற்பனை 4.5 லட்சம். ஃபேஸ்புக்குக்கு 1 லட்சம். விற்பனை 4 லட்சம். பழைய வாடிக்கையாளர்களுக்கான வாட்ஸ்அப் செய்திக்கு 50 ஆயிரம். விற்பனை 3 லட்சம்.

மூன்றும் லாபம் போலத் தெரியும். ஆனால் நூறு ரூபாய் விற்பனையில் 30 ரூபாய்தான் மிஞ்சும் என்றால், நாளிதழ் வழியே வருவது 1.35 லட்சம், 15 ஆயிரம் நட்டம்.

அதற்காக எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கொட்ட முடியாது. பட்டியல் முடிந்ததும் அடுத்த ரூபாய்க்குப் பலன் இல்லை. செய்தி வராவிட்டாலும் சிலர் வந்திருப்பார்கள். ஒரு பகுதியினருக்கு அனுப்பாமல் விட்டு ஒப்பிட்டால் உண்மைப் பலன் தெரியும். ஃபேஸ்புக்கில் கூட்டும் ஒவ்வொரு 10 ஆயிரமும் 34 ஆயிரத்துக்காவது புது விற்பனை தரும்வரை கூட்டலாம். அதற்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும்.