உப்பைக் குறைப்போம்: ஓசையை நீக்கினால் மிஞ்சுவது என்ன?

மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் இத்தகைய வாசகத்தைப் பலரும் படித்திருப்பார்கள்: ‘உப்பைக் குறைப்போம், உயிரைக் காப்போம்.’ ஒருமுறை படித்தாலே மனத்தில் தங்கிவிடும். ஆயினும், ‘எவ்வளவு குறைக்க வேண்டும்?’ என்று கேட்டால், அதை மனப்பாடமாகச் சொல்பவரும் விடை தெரியாமல் நிற்பார். இந்த வாசகத்தை ஓசையில்லாத, அமைதியான ஓர் உண்மை வாக்கியமாக மாற்றிப் பார்ப்போம். மாற்றும்போது எதை இழக்கிறோம் என்பதையும் கணக்கிடுவோம்.

முதலில் இதன் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ‘உப்பை’, ‘உயிரை’ என்னும் சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்குவது மோனை. ‘குறைப்போம்’, ‘காப்போம்’ என்பவை ஒரே ஓசையில் முடிவது இயைபு. இரண்டு பகுதிகளும் இரண்டிரண்டு சொற்களால் ஆனவை. முதற்பகுதியைக் கேட்டதுமே காது இரண்டாவதை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தது வந்து சேர்ந்ததும், சொல்லப்பட்டது உண்மை என்ற உணர்வும் உடன் வந்துவிடுகிறது.

இந்த உணர்வை அமெரிக்க உளவியலாளர்கள் மாத்யூ மெக்லோன், ஜெசிகா டோஃபிபக்ஷ் இருவரும் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பலரும் கேட்டறியாத ஆங்கில முதுமொழிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு ஓசை ஒத்த வடிவம். சிலருக்குப் பொருள் மாறாமல், ஒரு சொல்லை மட்டும் மாற்றி ஓசையைக் குலைத்த வடிவம். ஓசை ஒத்த வடிவமே மனித இயல்பை உள்ளபடி சொல்வதாக மாணவர்கள் மதிப்பிட்டனர். ‘ஓசையை விட்டுக் கருத்தை மட்டும் எடைபோடுங்கள்’ என்று எச்சரித்தபோது அந்த வேறுபாடு குறைந்துவிட்டது. ஓசை அறிவை மறைப்பதில்லை. கேள்வி கேட்கும் நேரத்தைத்தான் தட்டிப் பறிக்கிறது.

இனி நம் வாசகத்தைச் சொல் சொல்லாகப் பிரிப்போம். ‘குறைப்போம்’ என்பதில் அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஏறக்குறைய ஒரு சமதளத் தேக்கரண்டி. சாம்பாரில் போட்டது, ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் உள்ளது, கடையில் வாங்கிய மிக்சரிலும் ரொட்டியிலும் கலந்திருப்பது ஆகிய அனைத்தும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

‘உயிரைக் காப்போம்’ என்பது பெரிய வாக்குறுதி. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் உப்பைக் குறைத்ததால், அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 5 அளவு குறைந்தது. 150 இருந்தவருக்கு ஏறத்தாழ 145 ஆகும். இது பயனுள்ள குறைவு. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கும் முயற்சியில் இதற்கு இடம் உண்டு. ஆயினும் மாத்திரையை நிறுத்துவதற்கு இது போதாது. வாசகத்தின் வேகத்தில், ‘உப்பைக் குறைத்துவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?’ என்று எண்ணுபவருக்கே ஆபத்து நேரும்.

ஆகவே, அமைதியான வாக்கியம் இவ்வாறு அமைகிறது: ‘பெரியவர் ஒருவர் எல்லா உணவுகளின் வழியாகவும் உட்கொள்ளும் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருந்தால், உயர் இரத்த அழுத்தம் ஓரளவு குறையும்; அது மாத்திரைக்குத் துணை, மாற்று அன்று.’

இதில் பிழையில்லை. ஆனால் இதை மறுநாள் யார் நினைவில் வைத்திருப்பார்? இழப்பை மூன்றாகப் பிரித்து எடைபோடலாம்.

முதலாவதாக இழந்தது உறுதி. பழைய வாசகம் உயிரையே காப்பதாகச் சொன்னது. புதியது ‘ஓரளவு’ என்கிறது. இதற்காக வருந்த வேண்டியதில்லை. அந்த உறுதி ஓசை கொடுத்த கடன், சான்று கொடுத்ததன்று.

இரண்டாவதாக இழந்தது நினைவு. இது மெய்யான இழப்பு. அடுக்களையில் இவ்வாக்கியத்தை எதிர்த்து நிற்பது ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்னும் பழமொழி. அதில் ‘உப்பு’, ‘குப்பை’ என எதுகை பொருந்தி நிற்கிறது. குழம்பைச் சுவைத்தவர் முகம் சுளிக்கும் கணத்தில் அந்தப் பழமொழி நாவுக்குத் தானாக வரும். 5 கிராம் என்னும் எண் வராது. ஓசையோடு போட்டியிட ஓசையற்ற வாக்கியத்தால் எளிதில் இயலாது.

மூன்றாவதாக இழந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ‘குறைப்போம்’ என்பதன் இறுதியில் உள்ள ‘ஓம்’ நம் அனைவரையும் சேர்த்துக்கொண்டது. ‘பெரியவர் ஒருவர்’ என்று எழுதியதும் நோயாளி தனித்து நிற்கிறார். வீட்டில் குழம்பு ஒரே பாத்திரத்தில்தான் கொதிக்கிறது. அப்பாவுக்கு மட்டும் சப்பென்ற தட்டு என்றால், அது சில நாட்களே நீடிக்கும்.

முதல் இழப்பை விட்டுவிடலாம். மற்ற இரண்டையும் ஓசையின் உதவியின்றி மீட்க முடியுமா? ஒரு வீட்டுக் கணக்கு அதற்கு உதவுகிறது. வீட்டில் பெரியவர்கள் நால்வர். ஒருவருக்கு 5 கிராம் எனில், நால்வருக்கு நாளொன்றுக்கு 20 கிராம். 1 கிலோ உப்புப் பொட்டலம் 50 நாட்களுக்கு வர வேண்டும். அது 30 நாட்களில் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் செலவாகிறது. வெளியே வாங்கிய தின்பண்டத்தின் உப்பு இதில் சேராது என்பதால், 50 நாட்களையும் தாண்டி வருவதே நல்லது. வீட்டில் ஊறுகாய் போடவோ கழுவவோ எடுத்த உப்பைத் தனியே கழித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு உரிய அளவு இதனினும் குறைவு.

இப்போது வாக்கியம் மாறுகிறது: ‘நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாட்களுக்குக் குறையாமல் வர வேண்டும்.’ மோனையும் இல்லை, இயைபும் இல்லை. எனினும் இதில் வீடு முழுவதும் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்த தேதியை அதன்மீதே எழுதி வைத்தால், மனம் நினைவில் வைக்க வேண்டியதைப் பொட்டலமே நினைவில் வைத்துக்கொள்ளும்.

அமைதியான வாக்கியத்தில் மட்டுமே இடம்பெறக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு: விதிவிலக்கு. ‘குறைப்போம்’ என்பது அனைவரையும் ஒரே திசையில் தள்ளுகிறது. இரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களும், சிறுநீர் பிரியும் மாத்திரை உண்ணும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உப்பை அடியோடு விடலாகாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருப்பது வழக்கம். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அது தீங்காகலாம்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது எவ்வளவு மனத்தில் பதிந்தது என்பதை அறிய எளிய வழி உண்டு. ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், சமைப்பவரிடம் மறுநாள் இப்படிக் கேளுங்கள்: ‘இந்தப் பொட்டலம் எந்தத் தேதி வரை வர வேண்டும்?’ தேதியைச் சொன்னால், சுவரில் இருந்த ஓசை இழந்ததை அடுக்களை மீட்டுவிட்டது. ‘உப்பைக் குறைப்போம்’ என்று மட்டும் பாடினால், வாசகம் காதோடு நின்றுவிட்டது. கணக்கை அவரோடு உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை போட வேண்டும்.