பெரிய எழுத்தும் கூடுதல் நேரமும்: ஒரு தாயின் கடிதம்

தில்லியில் உள்ள ஒரு மத்தியப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பயிலும் தமிழ் மாணவி ஒருத்தி, ஜூலை மாதத் தேர்வின் கணக்குத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மொத்தம் 40 மதிப்பெண்கள். அவள் பெற்றவை 23. மதிப்பெண் குறைந்ததைவிட அந்தத் தாளின் தோற்றமே தாயைச் சிந்திக்க வைத்தது. முதல் பதினொரு வினாக்களுக்கும் எழுதிய விடைகள் சரியாக இருந்தன. அதன் பிறகு ஒன்றுமே எழுதப்படவில்லை. கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. “ஏன் விட்டுவிட்டாய்?” என்று தாய் கேட்டார். “தெரியாமல் விடவில்லை அம்மா. அந்தப் பக்கத்துக்கு நான் போகவே இல்லை” என்றாள் மகள்.

அந்த மாணவிக்குப் பிறவியிலேயே கண் நடுக்கம் என்னும் குறை உண்டு. கண்மணிகள் அவள் விருப்பமின்றியே இடமும் வலமும் ஓயாமல் அசையும். கண்ணாடி அணிந்தால் எழுத்து ஓரளவு தெளிவாகும். ஆனால் அசைவு நிற்காது. கண்ணாடியுடன் அவளுடைய சிறந்த கண்ணின் பார்வை 6/36 என மருத்துவர் குறித்திருந்தார். மற்றவர் 36 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கக்கூடிய எழுத்தை அவள் 6 மீட்டர் தொலைவுக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பது அதன் பொருள். கண்ணாடி அணிந்த பிறகும் சிறந்த கண்ணின் பார்வை 6/18க்குக் குறைந்து 3/60 வரை இருந்தால் அதனைக் குறைபார்வை எனச் சட்டம் வரையறுக்கிறது. குறைபார்வை என்பது பார்வையின்மை அன்று. அவள் மிதிவண்டிகளுக்கு நடுவே வழி பார்த்து நடப்பாள்; தோழியை அடையாளம் காண்பாள். இதனாலேயே அவளுக்குப் படிப்பதில் தொல்லை உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை.

சிறிய எழுத்தில் அச்சான வரியை அவள் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. இரண்டு மூன்று எழுத்துகளாகச் சேர்த்துப் படிப்பாள். வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது இடம் தவறிவிடும். தமிழ்ப் பாடத்தில் மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி, ‘எ’ என்பதை ‘ஏ’ ஆக்கும் சிறு கோடு, ‘கொ’ என்பதைக் ‘கோ’ ஆக்கும் சுழி ஆகிய மூன்றும் மிகச் சிறியவை. சிறிய அச்சில் அவை மறைந்துவிட்டால் சொல்லே மாறிவிடும். போதாக்குறைக்கு, களைப்பும் பதற்றமும் மிகும்போது கண் நடுக்கமும் மிகும். தேர்வு அறையில் இவை இரண்டுக்கும் குறைவில்லை.

தாய் அன்றிரவே முதல்வருக்குக் கடிதம் எழுத அமர்ந்தார். முதல்வருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் நினைப்பதைப் பிழையின்றிச் சொல்வதற்காக அவர் முதலில் தமிழிலேயே எழுதினார். கல்லூரியில் படிக்கும் மூத்த மகள் அதனை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாக ஏற்பாடு. அந்த முதற்படியில், “என் மகளுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஏழைத் தாயின் மீது இரக்கம் கொண்டு, அவளுக்கு இயன்ற உதவியைச் செய்து, மதிப்பெண்ணையும் சற்றுக் கூட்டித் தருமாறு வேண்டுகிறேன்” என்று இருந்தது.

மூத்த மகள் அதனைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: “இதைப் படித்ததும் முதல்வர் நாளைக் காலை யாரிடம் என்ன செய்யச் சொல்வார், அம்மா?” தாயிடம் விடை இல்லை. அக்கடிதத்தில் உருக்கம் இருந்தது. செய்யத்தக்க வேலை ஒன்றும் இல்லை. கூடுதல் மதிப்பெண் கேட்டதோ தவறான வேண்டுகோள். மாணவிக்குத் தேவைப்பட்டது மதிப்பெண் அன்று. வினாவைப் படிக்கும் வாய்ப்பு.

எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும் என்பதை அறிய இருவரும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தனர். பாட நூலின் ஒரு பகுதியைக் கணினியில் தட்டச்சு செய்து, 12, 16, 20, 24 ஆகிய நான்கு புள்ளி அளவுகளில் அச்சிட்டனர். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பத்தியை ஒரு நிமிடம் படிக்கச் செய்து, படித்த சொற்களை எண்ணினர். 12 புள்ளியில் 38 சொற்கள், 16இல் 55, 20இல் 70, 24இல் 69. எழுத்து பெரிதாகப் பெரிதாக வேகம் கூடியது. 20ஐக் கடந்ததும் நின்றுவிட்டது. மிகப் பெரிய எழுத்தில் ஒரு வரிக்குச் சில சொற்களே அடங்குவதால், கண் அடிக்கடி வரி மாற வேண்டியிருந்ததே காரணம். ஆகவே ‘முடிந்த அளவு பெரியதாக’ என்று கேட்பதில் பயனில்லை, 20 போதும்.

பக்கத்து வீட்டில் அதே வகுப்பில் பயிலும் சிறுவன் 12 புள்ளியிலேயே 110 சொற்கள் படித்தான். எழுத்தைப் பெரிதாக்கிய பின்னும் மாணவி அவனைவிடப் பின்தங்கியே இருந்தாள். பெரிய எழுத்து கிடைத்த பிறகு கூடுதல் நேரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணே விடை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பின்னர் அவர்கள் எழுதிய கடிதம் இது:

அனுப்புநர்
ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் தாய்,
தில்லி.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
மத்தியப் பள்ளி,
தில்லி.

பொருள்: குறைபார்வை உள்ள மாணவிக்குப் பெரிய எழுத்து வினாத்தாளும் கூடுதல் தேர்வு நேரமும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பயிலும் என் மகளுக்குப் பிறவியிலேயே கண் நடுக்கம் உள்ளது. கண்ணாடியுடன் அவளுடைய சிறந்த கண்ணின் பார்வை 6/36. அரசு மருத்துவக் குழு வழங்கிய 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன்.

ஜூலைத் தேர்வின் கணக்குத் தாளில் அவள் எழுதிய பதினொரு விடைகளும் சரியானவை. எஞ்சிய வினாக்களைப் படிக்க அவளுக்கு நேரம் போதவில்லை. அத்தாளின் நகலையும் இணைத்துள்ளேன்.

செப்டம்பரில் தொடங்கும் அரையாண்டுத் தேர்வு முதல் பின்வருவனவற்றுக்கு அனுமதி தருமாறு வேண்டுகிறேன். வினாத்தாளைக் கணினியிலிருந்து 20 புள்ளி அளவில், தடித்த எழுத்தில், ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு வழங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்னும் கணக்கில் கூடுதல் நேரம் தர வேண்டும். ஒன்றரை மணி நேரத் தேர்வுக்கு இது 30 நிமிடம் ஆகும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் தேர்வுகளில் இதே கணக்கைப் பின்பற்றுகிறது. தேர்வில் கூடுதல் நேரம் வழங்குவதை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 17ஆம் பிரிவும் குறிப்பிடுகிறது.

படிக்கும்போது அவள் தலையை இடப்புறம் திருப்பிக்கொள்வாள். அந்த நிலையில் கண்ணின் அசைவு குறைகிறது. இதனைத் தேர்வுக் கண்காணிப்பாளருக்கு முன்னதாகவே தெரிவிக்க வேண்டுகிறேன்.

வினாக்களை எளிதாக்கவோ மதிப்பெண்ணைக் கூட்டவோ நான் கேட்கவில்லை. இதுபற்றித் தேர்வுப் பொறுப்பாசிரியரைச் சந்திக்க நேரம் ஒதுக்கினால் நன்றியுடையவள் ஆவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மாணவியின் தாய்)

இடம்: தில்லி
நாள்: ஆகஸ்டு 4
இணைப்பு: சான்றிதழ் நகல், கணக்குத் தாள் நகல்

தலையைத் திருப்புவது பற்றிய பகுதி வேண்டுகோளுக்கு வெளியே நிற்பதுபோல் தோன்றலாம். ஆனால் முந்தைய ஆண்டில் ஒரு கண்காணிப்பாளர், அவள் பக்கத்து மாணவியின் தாளைப் பார்த்து எழுதுவதாக எண்ணி அவளை இடம் மாற்றி உட்கார வைத்திருந்தார். கூடுதல் நேரம் கிடைத்தும் அதில் பத்து நிமிடம் அவ்வாறு வீணானால் என்ன பயன்? சட்டத்தின் பெயரையும் அவர்கள் ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டனர். முதல்வர் மறுக்கும் முன்பே சட்டத்தைக் காட்டி மிரட்டுவது போன்ற நடை, உதவ நினைப்பவரையும் விலகச் செய்யும்.

முதல்வர் அந்த வாரமே அனுமதி அளித்தார். இது பள்ளி நடத்தும் தேர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் தெரிவித்தார். பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வுக்குப் பள்ளியின் வழியாக வாரியத்திடம் தனியே அனுமதி பெற வேண்டும்.

எனினும் ஆகஸ்டு இறுதியில் நடந்த வகுப்புத் தேர்வில் ஒரு பிழை நேர்ந்தது. அவசரத்தில் பொறுப்பாசிரியர் வழக்கமான வினாத்தாளை நகல் இயந்திரத்தில் வைத்து, ஏ4 தாளை ஏ3 தாளாகப் பெரிதாக்கிவிட்டார். அவ்வாறு செய்தால் ஒவ்வோர் அளவும் ஏறத்தாழ 1.41 மடங்காகும். 11 புள்ளி எழுத்து பதினைந்தரைப் புள்ளிதான் ஆயிற்று. நகலில் மங்கிய எழுத்து பெரிதாக மங்கியது. மேசையைவிட அகன்ற தாளைப் புரட்டவும் அவள் திணறினாள். ‘கோட்டை அளந்து எழுதுக’ என்ற வினாவுக்கு அவள் 7 செ.மீ. என எழுதினாள். மூலத் தாளில் அது 5 செ.மீ. கோடு. ஆசிரியர் சிவப்பு மையால் அதனை அடித்திருந்தார். கோணத்தை அளந்த விடை மட்டும் தப்பியது. படம் எவ்வளவு பெரிதானாலும் கோணம் மாறாது.

தாய் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு தாள்களையும் ஓர் அளவுகோலையும் எடுத்துச் சென்று பொறுப்பாசிரியரின் மேசை மீது வைத்தார். ஆசிரியர் தாமே அளந்து பார்த்தார். மதிப்பெண்ணைத் திருத்தினார், இனி வினாத்தாளின் கணினிக் கோப்பிலேயே எழுத்தளவை மாற்றி அச்சிடுவது என்றும், அளக்க வேண்டிய படங்களை உண்மையான அளவிலேயே தடித்த கோட்டில் தனித் தாளில் தருவது என்றும் குறித்துக்கொண்டார்.

அரையாண்டுக் கணக்குத் தேர்வில் மாணவிக்கு 120 நிமிடம் கிடைத்தது. 112ஆம் நிமிடத்தில் அவள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கடைசிப் பக்கம் வரை எழுதியிருந்தாள். மூன்று விடைகள் தவறாயின. அந்த மூன்றும் அவளுக்கு உண்மையாகவே தெரியாத கணக்குகள்.