எட்டாம் நம்பர் ஊசி எத்தனை மில்லிமீட்டர்?

ஸ்வெட்டர் பின்னும் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் முறையில் கொடுத்த எண் ஏற ஏற, ஊசி மெலிந்துகொண்டே போகும். 14ஆம் நம்பர் 2 மி.மீ., 8ஆம் நம்பர் 4 மி.மீ., 1ஆம் நம்பர் 7.5 மி.மீ. உலோகக் கம்பிகளுக்கு எண் இட்ட அதே வழக்கம்தான் இது. இந்தியக் கடைகளில் ஊசியை இந்த நம்பர் சொல்லிக் கேட்பது இன்றும் உண்டு. அமெரிக்க எண்களோ நேர் எதிர்: எண் ஏறினால் ஊசி தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ.

ஆகவே குறிப்பில் வெறும் '8' என்று இருந்தால், அது எந்த நாட்டு எட்டு என்பதை முதலில் பார்க்க வேண்டும். துப்பு அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும். ஸ்வெட்டரின் கீழ்ப்பட்டி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதால் அதை மெல்லிய ஊசியிலும், உடம்பைத் தடித்த ஊசியிலும் பின்னுவார்கள். பட்டிக்கு 10, உடம்புக்கு 8 என்றால் அது பிரிட்டிஷ் குறிப்பு, ஊசிகள் 3.25, 4 மி.மீ. பட்டிக்கு 6, உடம்புக்கு 8 என்றால் அமெரிக்கக் குறிப்பு. ஊசிகள் 4, 5 மி.மீ.

இரண்டு எட்டுக்கும் வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி என்று குறிப்பு சொல்வதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 100 செ.மீ. வர 220 கண்ணி போட வேண்டும். அதையே 5 மி.மீ. ஊசியில் பின்னி, 10 செ.மீ.க்கு 18 கண்ணி மட்டும் விழுந்தால், சுற்றளவு 122 செ.மீ. ஆகிவிடும். இன்னொருவரும் உள்ளே நுழையலாம்!

இடைப்பட்ட அளவுகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிரிட்டிஷ் எண்ணை 14இலிருந்து கழித்தால் அமெரிக்க எண் வரும். 8 போனால் 6, இரண்டுமே 4 மி.மீ. 7 மட்டும் இரு நாட்டிலும் ஒன்றே, 4.5 மி.மீ. ஆனால் கணக்கு 10இல் பிசகும். 14இலிருந்து 10 போனால் 4. அமெரிக்க 4ஆம் நம்பரோ 3.5 மி.மீ. பிரிட்டிஷ் 10க்கு, அதாவது 3.25 மி.மீ.க்கு, இணை அமெரிக்க 3தான். மில்லிமீட்டர் பட்டியலே நம்பகமானது.

3.5 மி.மீ.க்குப் பழைய பிரிட்டிஷ் வரிசையில் எண்ணே கிடையாது, அது 9க்கும் (3.75) 10க்கும் நடுவில் விழுகிறது. புதுக் குறிப்பு 3.5 கேட்டு, கையில் பழைய ஊசிகள்தான் இருக்கிறது என்றால், இரண்டிலும் 15 செ.மீ. சதுரத் துண்டு ஒவ்வொன்று பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். குறிப்பு சொன்னதைவிடக் கண்ணி குறைந்தால் மெல்லிய ஊசிக்கும், கூடினால் தடித்த ஊசிக்கும் மாறலாம்.

எண் அழிந்துபோன ஊசியை, அளவுத் துளைகள் போட்ட தகட்டில் நுழைத்துப் பார்க்கலாம். முனை கூம்பியிருப்பதால் அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஊசியின் நடுத்தண்டு ஆடாமல், இறுகாமல் நுழையும் துளையே அதன் அளவு.