நாற்று வயலிலிருந்து அகமதாபாத்துக்கு: அப்பாவுக்கு எழுதும் கடிதம்

பிளஸ் டூ முடித்த மகள், விவசாயத்தை விட்டு ஓய்ந்த அப்பாவுக்கு, தொலைவில் போய் டிசைன் படிக்க வேண்டும் என்று எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்தான் கைமாறுகிறது. பல குடும்பங்களில் மகளின் பெரிய விஷயங்கள் அம்மா வழியாகவே அப்பாவிடம் போய்ச் சேரும். போகிற வழியில் அவை சுருங்கிவிடும். "படம் வரையற படிப்பாம், வடக்கே போகணுமாம்" என்ற ஒரு வரியே அப்பாவின் காதில் விழும். அந்த ஒரு வரிக்கு "வேண்டாம்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. கடிதத்தை அவர் இரண்டு முறை படிக்கலாம், பெரியப்பாவிடம் காட்டலாம், பள்ளிக்கூட வாத்தியாரிடம் விசாரிக்கலாம். அதனால் அதில் எழுதும் எதுவும் மூன்றாம் மனிதர் கேள்வி கேட்டாலும் நிற்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மன்னார்குடிப் பக்கத்தில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் ஓர் அப்பாவை நினைத்துக்கொள்ளலாம். விவசாயிக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. முழங்கால் மடங்க மறுக்கும் நாளில் தானாக வந்துவிடுவதுதான் அந்த ஓய்வு. மகள் போக நினைப்பது அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு. சென்னையிலிருந்து நவஜீவன் ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கடிதத்தின் கடினமான பகுதி, டிசைன் என்றால் என்ன என்பதைச் சொல்வது. இங்கேதான் பல கடிதங்கள் வழுக்குகின்றன. "எனக்கு இதில்தான் ஆர்வம்" என்று எழுதினால் அது மகளைப் பற்றிய செய்தி. படிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்பா கையாண்ட ஒரு பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. டெல்டாவில் ஒற்றை நாற்று நடவு செய்தவருக்குக் கோனோவீடர் தெரியும். கூம்பு வடிவில் பல் வைத்த இரண்டு உருளைகள், முன்னால் சேற்றில் மிதக்கும் ஒரு தகடு, பின்னால் நீண்ட கைப்பிடி. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட வரிசைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாகத் தள்ளினால் களை சேற்றுக்குள் அமுங்கும். வயலில் மெல்லிய தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்திருந்தால் மண் அப்பிக்கொண்டு உருளை சுற்றாது.

களையெடுப்பு காலம்காலமாகப் பெண்கள் பார்க்கும் வேலை. ஆணின் உயரத்துக்கு வைத்த கைப்பிடியைக் குள்ளமான ஒரு பெண் பிடித்தால் அது நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ள முடியாது, தோளால்தான் தள்ள வேண்டும். அரை நாளில் தோள் கழன்றுபோகும். பிறகு அந்தக் கருவி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கும், ஆட்கள் பழையபடி குனிந்து கையால் களை பறிப்பார்கள். இரும்பிலும் குறையில்லை, உருளையிலும் குறையில்லை. யார் பிடிக்கப்போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டு, பிடிப்பவரின் உயரத்தையும் கையையும் அளந்து, மாதிரி செய்து கொடுத்து, தள்ளிப் பார்க்கச் சொல்லி, திருத்தி, மறுபடி செய்யும் வேலைக்குத்தான் பொருள் வடிவமைப்பு என்று பெயர். மகள் இதை எழுதிவிட்டு, "அம்மா ஏன் அதை ஒரே நாளில் ஓரமாக வைத்தாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அப்பா?" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். படிப்பு என்னவென்று அவருக்குப் புரிந்துவிடும்.

இந்தப் பார்வை அந்த நிறுவனத்துக்கும் புதிதல்ல. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் பார்த்த பொருள்களில் அவர்கள் மிக உயர்வாகச் சொன்னது சாதாரணச் சொம்பைத்தான். இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கிறது, எவ்வளவு எடை, தண்ணீர் எப்படி ஊற்றுகிறது, பழசானால் என்ன விலைக்குப் போகும் என்று அதை அலசியிருந்தார்கள். தனி ஒருவர் வரைந்து வந்ததல்ல அந்த வடிவம். தலைமுறை தலைமுறையாகக் கைகள் திருத்தித் திருத்தி வந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் நிறுவனம் தொடங்கியது. 2014இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி பெற்றது. "அது அரசாங்கக் காலேஜா?" என்று பெரியப்பா கேட்பார், அதற்கான பதில் இது.

அடுத்து, ஏன் அத்தனை தூரம் என்பது. சென்னையிலேயே டிசைன் சொல்லித் தரும் இடங்கள் உண்டு. அதைக் கடிதம் மறைத்தால் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சொல்லிவிடுவான், அதோடு மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். ஆடை வடிவமைப்பும் கணினித் திரை வடிவமைப்பும் படிக்க ஊரை விட்டு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று மகளே ஒப்புக்கொள்வது நல்லது. மரம், உலோகம், மண், நெசவு எல்லாவற்றுக்கும் பட்டறை வைத்து, முதல் ஆண்டு எல்லாருக்கும் பொதுவான அடித்தளப் பயிற்சி கொடுத்து, அதன் பிறகே துறை பிரிப்பதுதான் அகமதாபாத்தின் தனித்தன்மை. கருவி செய்ய விரும்புபவளுக்கு அந்தப் பட்டறைதான் காரணம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். முதற்கட்டம் வரையவும் யோசிக்கவும் வைக்கும் எழுத்துத் தேர்வு; தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் பொருள்களைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். இடம் கிடைக்காமலும் போகலாம் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பணம் பற்றிய பகுதியை அப்பா முதலில் தேடிப் படிப்பார். அவருடைய முதல் பயம் நிலப் பத்திரம். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெறுவோருக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. தான் சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு வைப்பது நூறு வாக்குறுதிக்குச் சமம். ஆனால் கல்விக் கடன் பயிர்க் கடன் மாதிரி அல்ல. கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை என்று கூட்டுறவுச் சங்கத்தில் பழகியவர் இதையும் அப்படியே நினைத்துக்கொள்ளக்கூடும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றாலும், பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்குவதாகக் கொண்டால், முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என வட்டி சேரும். மொத்தம் பதினான்கு ஆண்டு. நூற்றுக்குப் பத்து என்று தனிவட்டி போட்டால் 1,40,000 ரூபாய். நான்கு லட்சக் கடன் 5,40,000 ஆக நிற்கும். உண்மையான கட்டணமும் விடுதிச் செலவும் இதைப்போல் பல மடங்கு வரும், வட்டியும் அதே மடங்கில் கூடும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து வட்டி மானியம் கிடைக்கும் என்றால், தாசில்தார் அலுவலக வருமானச் சான்று அதற்குத் தேவை. இந்தக் கணக்கை மகள் தன் கையால் போட்டுக் காட்டினால், வட்டிக்கு வாங்கிப் பழகிய அப்பா பென்சில் எடுத்துச் சரிபார்ப்பார். அப்படிச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டாரென்றால் அவர் மறுப்பிலிருந்து கொஞ்சம் இறங்கிவிட்டார் என்று பொருள். படித்து முடித்தால் மாதம் இத்தனை ஆயிரம் சம்பளம் என்று மட்டும் எழுதக் கூடாது. அறுக்காத வயலுக்கு மூட்டைக் கணக்குச் சொல்பவரை அவர் நம்பியதே இல்லை.

வேறொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. "உங்களைப் போல வெயிலில் கஷ்டப்பட மாட்டேன்" என்ற வரியைப் பாசத்தில்தான் எழுதுகிறார்கள். அப்பாவோ அதைத் தன் நாற்பது வருஷ உழைப்பின் மேல் சொன்ன தீர்ப்பாகப் படிப்பார்.

கடைசியாக, பதிலுக்கு ஒரு நாள் குறிப்பிட வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாக அது இருக்கட்டும். விண்ணப்பக் கட்டணத்தை முன்பே கட்டிவிட்டு எழுதினால் அனுமதி கேட்கும் கடிதம் தகவல் சொல்லும் கடிதமாகிவிடும். அப்பா பதிலை எழுதித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. சாயந்திரம் கொட்டகைப் பக்கம் போய், துருவேறிய கோனோவீடரை எடுத்துத் தன் நெஞ்சுக்கும் மகளின் நெஞ்சுக்கும் நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "தேர்வு எந்த ஊர்ல?" என்று கேட்பார்.