புட்டியில் எழுதிய 0.1 உண்மையில் எவ்வளவு?

சோடியம் ஹைட்ராக்சைடு வெள்ளை வில்லைகளாகக் கிடைக்கிறது. புட்டியைத் திறந்த உடனே அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மினுமினுக்கத் தொடங்கும். கார்பன் டைஆக்சைடோடும் வினைபுரிந்து மேற்பரப்பில் கார்பனேட்டாக மாறும். அதனால் 4 கிராம் எடைபோட்டு ஒரு லிட்டர் கரைசலாக்கினாலும் அதில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 4 கிராமுக்குக் குறைவாகவே இருக்கும். புட்டியில் ஒட்டும் ‘0.1 மோலார்’ என்ற சீட்டு ஓர் உத்தேசம்தான். உண்மை மதிப்பை அறிய, நம்பி எடைபோடக்கூடிய வேறொரு பொருளோடு அதை வினைபுரியச் செய்ய வேண்டும். இதற்குத் தரப்படுத்துதல் என்று பெயர்.

அந்த நம்பகமான பொருளாகப் பெரும்பாலும் பயன்படுவது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். ஆய்வகங்களில் இதைச் சுருக்கமாக கே.ஹெச்.பி. என்பார்கள். இது தூய்மையாகக் கிடைக்கும், ஈரத்தை அவ்வளவாக ஈர்க்காது, சுமார் 110 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் உலர்த்தினாலும் சிதையாது. ஒரு மூலக்கூறு ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனியைத் தருவதால், ஒரு மோல் கே.ஹெச்.பி. ஒரு மோல் சோடியம் ஹைட்ராக்சைடோடு முழுமையாக வினைபுரியும். இதன் மோலார் நிறை 204.22 கிராம். கனமான மூலக்கூறு என்பதும் வசதியே: எடுக்கும் அளவு அரை கிராம் அளவுக்கு வருவதால் தராசின் சிறு பிழை கணக்கைப் பெரிதாகப் பாதிக்காது.

உலர்த்தி ஆறவைத்த கே.ஹெச்.பி.யை நான்கு தசம இடம் காட்டும் தராசில் எடைபோட்டு, கூம்புக் குடுவையில் இட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த வாலைவடிநீரில் முழுவதும் கரைக்க வேண்டும். கொதிக்கவைப்பது நீரில் கரைந்துள்ள கார்பன் டைஆக்சைடை வெளியேற்றத்தான். இரண்டு மூன்று துளி பினாப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட, வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிலைத்தால் அதுவே முடிவுநிலை. அடர் சிவப்பு வந்துவிட்டால் முடிவுநிலை கடந்துவிட்டது என்று பொருள். அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஒரு சோதனையில் 0.5128 கிராம் கே.ஹெச்.பி. எடுத்ததாகக் கொள்வோம். பியூரெட்டின் தொடக்க அளவு 0.35 மி.லி., இறுதி அளவு 25.62 மி.லி.; செலவானது 25.27 மி.லி.

மோல்கள் = 0.5128 ÷ 204.22 = 0.0025110
மோலாரிட்டி = 0.0025110 ÷ 0.02527 = 0.09937

கணிப்பான் காட்டுவது 0.0993675. அதில் எத்தனை இலக்கம் எழுதலாம் என்பதை அளந்த கருவிகள்தான் தீர்மானிக்கின்றன. 0.5128-இல் நான்கு முக்கிய எண்ணுருக்கள்; முன்னால் வரும் சுழியம் கணக்கில் சேராது. 25.27-இலும் நான்கு. 204.22-இல் ஐந்து இருப்பதால் அது விடையைக் கட்டுப்படுத்தாது. பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த எண்ணிக்கையே விடைக்கும் பொருந்தும். ஆகவே நான்கு எண்ணுருக்களோடு 0.09937 மோலார். 204.22-ஐ 204 என்று சுருக்கினால் விடை 0.09947 ஆகிவிடும். தராசும் பியூரெட்டும் கவனமாகத் தந்த துல்லியத்தைக் கணக்குப் போடுபவரே வீணடிப்பது அது.

ஒரே சோதனையை நம்ப முடியாது. இன்னொன்றில் 0.4987 கிராமுக்கு 24.57 மி.லி.யும், மற்றொன்றில் 0.5204 கிராமுக்கு 25.66 மி.லி.யும் செலவானால், மதிப்புகள் முறையே 0.09939, 0.09931. மூன்றையும் இப்படி முழுமையாக்கிய பிறகு சராசரி எடுத்தால் 0.09936 வரும், முழுமையாக்காத எண்களைக் கொண்டு சராசரி எடுத்தால் 0.09935. பின்னதே சரி. முழுமையாக்கலைக் கடைசிப் படியில் ஒரே முறைதான் செய்ய வேண்டும். மூன்று மதிப்புகளும் ஏறத்தாழ 0.1 சதவீதத்துக்குள் நெருங்கி நிற்பதால் முடிவை ஏற்கலாம். கடைசி இலக்கமான 5 மட்டும் சற்றுத் தள்ளாடக்கூடியது.

பிழை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். பியூரெட்டின் நுனியில் தங்கிய காற்றுக்குமிழி சோதனையின் நடுவே வெளியேறினால், செலவான கனஅளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும், மோலாரிட்டி குறையும். ஒரு துளி, அதாவது சுமார் 0.05 மி.லி., கூடுதலாக விழுந்தாலே முதல் சோதனையின் மதிப்பு 0.09917 ஆகச் சரியும். ஈரமான கே.ஹெச்.பி. நேர்மாறு: எடையில் ஒரு பங்கு நீர் என்பதால் குறைவான காரமே செலவாகி, மோலாரிட்டி அதிகமாகக் காட்டும். குடுவையின் அடியில் கரையாத படிகம் கிடந்தால் நிறம் முன்கூட்டியே தோன்றி, அது கரையும்போது மறையும்.

தரப்படுத்திய கரைசலும் அப்படியே நிலைத்திருக்காது. காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுவதால் அதன் செறிவு மெல்லக் குறையும். கண்ணாடியையும் அரிக்கும் என்பதால் இறுக மூடிய பாலித்தீன் புட்டியில் வைத்து, சீட்டில் 0.09935 என்பதோடு தரப்படுத்திய தேதியையும் எழுதி, சில வாரங்கள் கழித்துப் பயன்படுத்துமுன் மறுபடி தரப்படுத்துவார்கள்.